முதல் நேரலைக்கு முன்: ஸ்ட்ரீம் கீ, மறைவான சோதனை, தாமதக் கணக்கு

"வணக்கம் அண்ணா. முத்தையன்கட்டுப் பக்கம் எங்கள் அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலை இம்முறை யூடியூபில் நேரலையாகக் காட்டப் பரிபாலன சபை தீர்மானித்துவிட்டது. மடிக்கணினி, கமெரா, சிம் போட்ட ரவுட்டர் எல்லாம் இருக்கின்றன. ஸ்ட்ரீம் கீயை எப்படி அமைப்பது, வெளியில் தெரியாமல் எப்படிச் சோதிப்பது, படம் எவ்வளவு பிந்திப் போகும் என்று சொல்லுவீர்களா? கனடாவில் இருப்பவர்களிடம் அர்ச்சனைப் பெயர்களை நேரலையிலேயே வாங்கி வாசிக்கவும் விருப்பம்."

வணக்கம் தம்பி. நேரலை வசதி எல்லாச் சனல்களிலும் தொடக்கத்திலேயே திறந்திருக்காது என்பதால், முதல் வேலையாகச் சபையின் யூடியூப் சனலில் அதைத் திறந்துகொள்ளுங்கள். `youtube.com/verify` என்ற பக்கத்தில் ஒரு தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துச் சனலை உறுதிப்படுத்திய பின், நேரலையை முதன்முறையாக இயக்கக் கோரினால், அது கிடைப்பதற்கு 24 மணித்தியாலம் வரை செல்லலாம். பொங்கலன்று காலையில் இதைத் தொடங்கினால் அன்றிரவு ஒளிபரப்ப முடியாமற் போகக்கூடும். இரண்டு வாரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். கைத்தொலைபேசிச் செயலியிலிருந்து ஒளிபரப்புவதற்குக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும். மடிக்கணினியில் ஓபிஎஸ் மென்பொருள் கொண்டு அனுப்புவதற்கு அந்த நிபந்தனை இல்லை. உங்களிடம் கமெராவும் மடிக்கணினியும் இருப்பதால் அந்த வழியையே வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஸ்ட்ரீம் கீ என்பது, உங்கள் மடிக்கணினியிலிருந்து வரும் படத்தை இந்தச் சனலின் இந்த ஒளிபரப்புக்கு உரியது என்று யூடியூப் அடையாளம் காண்பதற்கான நீண்ட எழுத்துக்கோவை. அதை வைத்திருப்பவர் உங்கள் மின்னஞ்சலுக்குள்ளோ சனலின் அமைப்புகளுக்குள்ளோ நுழைய முடியாது. ஆனால், எந்த ஊரில் இருந்தாலும் தான் விரும்பிய படத்தை உங்கள் சனலின் பெயரால் அனுப்பிவிடலாம். இந்த இரண்டையும் சேர்த்து விளங்கிக்கொண்டால் கீயை யாருக்கு எப்போது கொடுப்பது என்பது தெளிவாகும். கிளிநொச்சியிலிருந்தோ புதுக்குடியிருப்பிலிருந்தோ வீடியோக்காரர் ஒருவரைப் பிடித்து அவருடைய கணினியால் அனுப்புவதாக இருந்தால், அவர் கேட்டாலும் சபையின் மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டாம். அவருடைய வேலைக்குக் கீ மட்டும் போதும்.

கீயை எடுக்க, கணினியில் யூடியூப்பைத் திறந்து மேலே உள்ள `Create` என்பதில் `Go live` என்பதைத் தெரிவுசெய்தால் நேரலைக் கட்டுப்பாட்டுப் பக்கம் வரும். அங்கே `Schedule stream` மூலம் ஒரு நிகழ்வை உருவாக்கிய பின், கீ காட்டப்படும் இடத்தில் உள்ள பட்டியலில் `Create new stream key` என்பதைத் தெரிவுசெய்து கீக்கு ஒரு பெயர் கொடுக்கலாம். இரண்டு கீகளை உருவாக்குங்கள்: ஒன்றுக்குச் சோதனை என்றும் மற்றதற்குப் பொங்கல் என்றும் பெயரிடுங்கள். ஒரே கீயை இரண்டு நிகழ்வுகளுக்கும் பொருத்த யூடியூப் இடம் கொடுக்கும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. வெளிநாட்டு உறவுகளுக்கு முன்கூட்டியே இணைப்பைக் கொடுப்பதற்காகப் பொங்கல் நிகழ்வை எல்லோருக்கும் தெரியும்படி உருவாக்கிவைத்திருப்பீர்கள். அதில் `Enable Auto-start` என்ற தெரிவு இயக்கத்தில் இருந்து, அதே கீயால் நீங்கள் சோதனைப் படத்தை அனுப்பினால், சோதனை நிகழ்வுடன் பொங்கல் நிகழ்வும் தானாகத் தொடங்கிவிடும். வெற்று மண்டபத்தையும் வயர் இழுக்கும் பொடியன்களையும் ரொறன்ரோவில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே கீயும் வேறாக இருக்கட்டும், இரண்டு நிகழ்விலும் தானாகத் தொடங்கும் தெரிவும் நிறுத்தப்பட்டிருக்கட்டும்.

அதற்குப் பக்கத்திலேயே `Enable Auto-stop` என்று இன்னொரு தெரிவு உண்டு. இணைப்பு உறுதியான நகரத்தில் இது வசதியானது. நமது இடங்களில் இதையும் நிறுத்திவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இது இயக்கத்தில் இருந்தால், மடிக்கணினியிலிருந்து படம் வருவது நின்றதும் யூடியூப் நிகழ்ச்சி முடிந்ததாகக் கருதி ஒளிபரப்பை மூடிவிடும். சிக்னல் ஓரிரு நிமிடம் விழுந்து எழும்புவதற்குள் நிகழ்வு முடிந்துவிட்டால், நீங்கள் புதிய நிகழ்வைத் திறந்து, புதிய இணைப்பை எல்லோருக்கும் மறுபடி அனுப்பவேண்டி வரும். நிறுத்திவைத்திருந்தால், பார்ப்பவர் திரையில் சுழலும் வட்டம் மட்டும் தெரியும். சிக்னல் திரும்பியதும் அதே இணைப்பில் படம் தொடரும்.

ஓபிஎஸ்ஸில் `Settings` பகுதியின் `Stream` பக்கத்துக்குச் சென்று, சேவையாக `YouTube - RTMPS` என்பதைத் தெரிவுசெய்து, `Use Stream Key` என்பதை அழுத்திக் கீயை ஒட்டுங்கள். சேவையைப் பட்டியலில் காணவில்லையென்றால் `Custom` என்று வைத்துச் சேவையக முகவரியையும் கீயையும் நீங்களே இடலாம். அவை இந்த வடிவில் இருக்கும்:

```
rtmps://a.rtmps.youtube.com:443/live2
xxxx-xxxx-xxxx-xxxx-xxxx
```

கீயைக் கையால் தட்டாமல், கட்டுப்பாட்டுப் பக்கத்திலுள்ள `Copy` பொத்தானால் எடுத்து ஒட்டுங்கள்; முன்னோ பின்னோ ஓர் இடைவெளி சேர்ந்துவிட்டாலும் இணைப்பு மறுக்கப்படலாம். ஓபிஎஸ் கீயைப் புள்ளிகளாக மறைத்துக் காட்டும். `Show` அழுத்தினால் அது வெளிப்படும். அமைப்பைச் சரிபார்க்கத் திரையைப் படமெடுத்து வைபரில் அனுப்பும்போது கீ தெரியும் நிலையில் அனுப்பிவிடுவதுதான் இது வெளியே போகும் வழக்கமான வழி. இன்னொரு வழி பலருக்குத் தெரிவதில்லை: ஓபிஎஸ், அமைப்புகளைத் தொகுத்துவைக்கும் ஒவ்வொரு புரொஃபைலின் கோப்புறையிலும் `service.json` என்ற கோப்பில் கீயை மறைக்காமல் அப்படியே எழுதிவைக்கிறது. அமைப்புகள் நன்றாக இருக்கின்றன என்று அந்தக் கோப்புறையைப் பென்டிரைவில் நண்பருக்குக் கொடுத்தால் கீயையும் சேர்த்தே கொடுக்கிறீர்கள். கீ வெளியே போனதாகச் சந்தேகம் வந்தால், கட்டுப்பாட்டுப் பக்கத்தில் `Reset` அழுத்திப் புதிய கீயைப் பெறலாம்; பழையது அதன் பின் செல்லாது. சோதனைக்கு ஒரு புரொஃபைல், பொங்கலுக்கு ஒரு புரொஃபைல் என்று ஓபிஎஸ்ஸில் வைத்துக்கொண்டால், அன்றைக்கு அவசரத்தில் கீயை மாற்றி ஒட்டும் வேலை இராது. முதலில் ஒன்றை முழுதாக அமைத்துப் பிரதியெடுத்துக் கீயை மட்டும் மாற்றுங்கள்.

இனிச் சோதனை. சோதனை நிகழ்வின் பார்வையை `Private` என்று வையுங்கள். அப்போது சனலின் உரிமையாளரும், மின்னஞ்சல் மூலம் அழைக்கப்பட்டவர்களும் மட்டுமே அதைப் பார்க்கலாம். சனலின் பக்கத்திலோ தேடலிலோ அது தோன்றாது. `Unlisted` என்பது வேறு: இணைப்பு யாரிடம் இருக்கிறதோ அவரெல்லாம் கணக்கே இல்லாமல் பார்க்கலாம். கனடாவில் உள்ள ஒருவர் பார்த்துச் சொல்வதற்கு அது சுலபம் என்றாலும், அந்த இணைப்பு ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குள் போய்விட்டால் உங்கள் சோதனை சோதனையாக இராது. முதற் சோதனையைத் தனிப்பட்டதாகவே செய்யுங்கள்.

எங்கே, எப்போது சோதிக்கிறீர்கள் என்பதுதான் நமது ஊர்களில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வீட்டிலிருந்து செய்த சோதனை கோயில் வளவைப் பற்றி எதுவும் சொல்லாது. அதே வளவில் பகல் வேளையில் செய்த சோதனையும் இரவு நிலையைச் சொல்லாது. கைத்தொலைபேசி டவர் ஒன்றின் கொள்ளளவை அதைச் சுற்றியுள்ள எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். வன்னியில் டவர்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பதால், வற்றாப்பளைப் பொங்கலைப் போல் ஓரிடத்தில் சனம் கூடி, எல்லோருடைய தொலைபேசியும் ஒரே டவரைப் பிடிக்கும்போது, படத்தை மேலே அனுப்பும் வேகம் வெகுவாக விழுகிறது. உங்கள் கோயிலில் அந்தளவு கூட்டம் வராவிட்டாலும் விளைவு அதே திசையில்தான் இருக்கும். ஆகவே, பொங்கலுக்கு முன் ஆட்கள் ஓரளவு கூடும் ஒரு வெள்ளிக்கிழமைப் பூசையன்று, அதே நேரத்தில், ரவுட்டரை அன்றைக்கு வைக்கப்போகும் அதே இடத்தில் வைத்து, குறைந்தது ஒரு மணித்தியாலம் அனுப்பிப் பாருங்கள்.

அதற்கு முன் வேகச் சோதனையில் பதிவேற்ற வேகத்தை, அதாவது `Upload` என்று காட்டப்படுவதை, வெவ்வேறு நேரங்களில் குறித்துக்கொள்ள வேண்டும். ஓர் எடுத்துக்காட்டாகக் காலை 10 மணிக்கு 9 மெகாபிட், மாலை 7 மணிக்கு 4 மெகாபிட், பூசை நேரத்தில் 3 மெகாபிட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்கு எடுக்க வேண்டியது 3 மட்டும். அதிலும் பாதியையே நான் நம்புவேன், ஏனென்றால் வேகச் சோதனை சில செக்கன்கள் மட்டுமே ஓடுகிறது, உங்கள் ஒளிபரப்போ மணிக்கணக்கில் ஒரே சீராக ஓட வேண்டும். பாதி என்றால் 1500 கிலோபிட். ஓபிஎஸ்ஸின் `Output` பக்கத்தில் செக்கனுக்கு அனுப்பும் தரவின் அளவான காணொளி பிட்ரேட்டை 1500 என்றும், ஒலியை 128 என்றும், `Rate Control` என்பதை `CBR` என்றும், `Keyframe Interval` என்பதை 2 செக்கன் என்றும் வைத்து, `Video` பக்கத்தில் வெளியீட்டு அளவை 854x480 ஆக்குங்கள். பெரிய அளவில் அனுப்பினால் நல்ல படம் வரும் என்று சபையில் யாராவது வற்புறுத்துவார்கள். இரவில் தீப்பந்த வெளிச்சமும் அசையும் கூட்டமும் உள்ள காட்சியை 1500 கிலோபிட்டில் 720 வரிக்கு விரித்தால் படம் கட்டங்கட்டமாக உடையும். 480 வரியில் அதே பிட்ரேட் தெளிவாக நிற்கும். பூசை வேளையிலும் பதிவேற்றம் 6 மெகாபிட்டுக்கு மேல் நிலையாக வருமானால் அப்போது 720 வரியையும் 2500 கிலோபிட்டையும் யோசிக்கலாம்.

இந்த 1500 கிலோபிட் கணக்கில் ஒலியும் சேர மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 730 மெகாபைட் டேட்டா செல்லும். நான்கு மணித்தியாலப் பொங்கலுக்கு 3 ஜிகாபைட் வரை வேண்டும். பக்கேஜில் பெரும்பகுதி நள்ளிரவுக்குப் பிந்திய டேட்டாவாக இருந்தால் அது மாலைக்குப் பயன்படாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓபிஎஸ்ஸில் `Start Streaming` அழுத்தினால் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் சிறிது நேரத்தில் முன்னோட்டம் தெரியும். பின்னர் அங்கே `Go live` அழுத்தினால் தனிப்பட்ட ஒளிபரப்புத் தொடங்கும். அதன் பின் உங்கள் கண் இருக்க வேண்டிய இடம் ஓபிஎஸ்ஸின் `Stats` சாளரம். அதில் `Dropped Frames (Network)` என்பது இணைப்புத் தாங்காமல் கைவிடப்பட்ட படச்சட்டங்களைக் காட்டுகிறது. `Skipped frames due to encoding lag` என்பது மடிக்கணினி வேலைப்பளு தாங்காமல் விட்டவற்றைக் காட்டுகிறது. பார்ப்பவருக்கு இரண்டும் திக்கித்திக்கி ஓடும் படமாகவே தெரியும், ஆனால் மருந்து வேறு. முதலாவது ஏறினால் பிட்ரேட்டைக் குறைக்க வேண்டும், அல்லது ரவுட்டரை உயரத்தில், டவர் உள்ள பக்கமாக வைக்க வேண்டும். இரண்டாவது ஏறினால் சிக்னலைக் குறைசொல்லிப் பயனில்லை; மற்றச் செயலிகளை மூடி, படத்தைச் சுருக்கும் `x264` குறிமாற்றியின் `CPU Usage Preset` என்பதை இன்னும் வேகமானதாக மாற்ற வேண்டும். மணித்தியால முடிவில் இணைப்பால் விடப்பட்டவை ஒரு வீதத்துக்குக் கீழே இருந்தால் நான் திருப்தியடைவேன்; தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால் 1500 ஐ 1000 ஆக்கி மறுபடி சோதிப்பேன். `Settings` பகுதியின் `Advanced` பக்கத்தில் நெரிசலுக்கேற்பப் பிட்ரேட்டைத் தானாக மாற்றும் தெரிவு ஒன்றும் உண்டு, `Dynamically change bitrate to manage congestion` என்று இருக்கும், அதை இயக்கிவையுங்கள்.

சோதனையின் நடுவில் ஒரு காரியத்தை வேண்டுமென்றே செய்யுங்கள்: ரவுட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் பொறுத்து மீண்டும் போடுங்கள். ரவுட்டர் எழும்பி இணைவதற்கு இன்னும் ஒரு நிமிடமாவது ஆகும். ஓபிஎஸ் அதுவரை தானாக மீண்டும் மீண்டும் முயன்று இணைந்துவிட்டதா, அதே நிகழ்வில் படம் தொடர்ந்ததா என்று பாருங்கள். மின்சாரம் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல ஒத்திகை இல்லை. ஜெனரேற்றருக்கு மாறும் சில செக்கன்களில் ரவுட்டர் அணையாமல் இருக்க ஒரு சிறிய யூபிஎஸ் தேவையா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். முடிந்ததும் பதிவான காணொளி சனலில் தனிப்பட்டதாகவே இருக்கும். அதைத் தலையணி மாட்டிக்கொண்டு முழுதாகக் கேளுங்கள். பறை முழங்கும்போது ஒலி பிளந்து கேட்டால் அது ஓபிஎஸ்ஸின் ஒலிமானி சிவப்பின் கடைசி எல்லையைத் தொட்டதால் இருக்கலாம். கமெரா மைக்கின் ஒலியளவைக் குறைத்துவிடுங்கள்.

தாமதத்தைப் பற்றி இப்போது சொல்லலாம். கமெரா கண்ட காட்சி மடிக்கணினியில் சுருக்கப்பட்டு, டவர் வழியாகப் போய், யூடியூப்பில் பல அளவுகளில் மீண்டும் ஆக்கப்பட்டு, பார்ப்பவருடைய கருவியில் சில செக்கன்கள் சேமிக்கப்பட்ட பின்பே திரைக்கு வருகிறது. கடைசியில் சொன்ன அந்தச் சேமிப்பே தாமதத்தின் பெரும்பகுதி. யூடியூப் மூன்று தெரிவுகளைத் தருகிறது. `Ultra low-latency` என்பதில் பெரும்பாலோருக்கு 5 செக்கனுக்குக் குறைவாகவும், `Low-latency` என்பதில் 10 செக்கனுக்குக் குறைவாகவும் தாமதம் இருக்கும் என்று அது கூறுகிறது. `Normal latency` என்பதில் 15 முதல் 30 செக்கன் வரை எதிர்பாருங்கள். குறைந்த தாமதம் என்றால் பார்ப்பவரிடம் குறைந்த சேமிப்பு என்று பொருள். அடுப்பு நெருப்புக்கு விறகு அடுக்கிவைத்திருப்பதைப் போல் அந்தச் சேமிப்பு இடையில் வரும் தட்டுப்பாட்டைத் தாங்குகிறது: உங்கள் சிக்னல் எட்டுச் செக்கன் தடுமாறினால், 20 செக்கன் சேமிப்புள்ளவர் அதை உணரமாட்டார், 4 செக்கன் உள்ளவருக்குப் படம் நின்றுவிடும். சிம் ரவுட்டரில் அனுப்பும் உங்களுக்கு `Normal latency` என்பதே பொருத்தம். அதை ஒளிபரப்புத் தொடங்குமுன்பே தெரிவுசெய்துவிடுங்கள்.

சோதனையில் உண்மையான தாமதத்தை அளப்பது எளிது. செக்கன் ஓடும் மணிக்கூட்டைக் காட்டும் தொலைபேசி ஒன்றைக் கமெராவின் முன் பிடியுங்கள். சபையின் கணக்கில் நுழைந்த வேறொரு தொலைபேசியில், வேறு நிறுவனத்தின் சிம்மால், ஒளிபரப்பைத் திறந்து, இரண்டு திரைகளையும் ஒன்றாகப் படமெடுங்கள். இரண்டு நேரங்களின் வித்தியாசமே தாமதம். கணினியில் பார்ப்பவர் காணொளியின் மேல் வலச்சொடுக்கி `Stats for nerds` என்பதைத் திறந்தால் `Live Latency` என்ற வரியிலும் அதைக் காணலாம். ஒரே ஒளிபரப்பை இருவர் பார்த்தாலும் இந்த எண் ஒன்றாக இராது. இடையில் படம் நின்றவர் அல்லது நிறுத்திவைத்துப் பார்ப்பவர் இன்னும் பின்னால் இருப்பார், `LIVE` என்ற எழுத்தை அழுத்தினால்தான் முன்னுக்கு வருவார்.

அர்ச்சனைப் பெயர்களுக்கு இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்ப்போம். தாமதம் 20 செக்கன் என்க. ஒலிவாங்கியில் நீங்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்கிறீர்கள். ரொறன்ரோவில் உள்ள அக்கா அதை 20 செக்கன் கழித்துக் கேட்கிறார். வீட்டில் நால்வருடைய விபரத்தை அவர் தட்டுவதற்கு 40 செக்கனாவது வேண்டும். எழுத்து உரையாடல் படத்தைப் போலத் தாமதிக்காமல் ஓரிரு செக்கனில் உங்களிடம் வந்துவிடும். அதைத் தாளில் எழுதிப் பூசாரியாரிடம் கொடுத்து அவர் வாசிக்க இன்னும் அரை நிமிடம், வாசித்தது அக்காவின் காதில் விழ மேலும் 20 செக்கன். மொத்தம் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகக் குறைந்த தாமதத் தெரிவுக்கு மாறினாலும் இதில் மிச்சப்படுவது அரை நிமிடமே. அதற்காகப் படம் அடிக்கடி நிற்பதை ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. பெயர்களைப் பூசைக்கு அரை மணித்தியாலம் முன்பே கேட்டு வாங்கிப் பட்டியலாக்குங்கள். நிகழ்வை உருவாக்கும்போது சிறுவர்களுக்கான காணொளி என்று குறித்துவிட வேண்டாம். குறித்தால் உரையாடலே இயங்காது.

பார்ப்பவர்களுக்கும் ஒரு வரி அறிவித்தல் தேவை. கோயில் வளவில் நிற்கும் தாயுடன் தொலைபேசியில் கதைத்துக்கொண்டே நேரலையைப் பார்க்கும் மகன், மணியோசையைத் தொலைபேசியில் முதலிலும் திரையில் 20 செக்கன் கழித்தும் கேட்பார். பழுது என்று எண்ணி உங்களுக்கு அழைப்பார். படம் சுமார் அரை நிமிடம் பிந்தி வரும் என்று விபரப்பகுதியில் எழுதிவிட்டால் அந்த அழைப்புகள் குறையும்.

பொங்கலன்று, தொடக்க நேரத்துக்கு அரை மணித்தியாலம் முன்பே பொங்கல் புரொஃபைலால் அனுப்பத் தொடங்குங்கள். தானாகத் தொடங்கும் தெரிவு நிறுத்தப்பட்டிருப்பதால் படம் உங்களுடைய முன்னோட்டத்தில் மட்டும் தெரியும். வெளியே இருப்பவர்கள் காத்திருப்புப் பக்கத்தையே காண்பார்கள், அதில் தொடக்க நேரம் அவரவர் நாட்டு நேரத்தில் காட்டப்படும். ஒலியும் படமும் சரியாக இருந்தால் `Go live` அழுத்துங்கள். முடிக்கும்போது, கடைசித் தீபாராதனை முடிந்தவுடன் நிறுத்திவிடாமல், கோயிலின் முகப்பை ஒரு நிமிடம் காட்டியபடி விட்டு அதன் பின் `End stream` அழுத்துங்கள். பின்தங்கிப் பார்ப்பவர்களும் அதற்குள் தீபத்தைக் கண்டிருப்பார்கள். வெளியாள் ஒருவரிடம் கீயைக் கொடுத்திருந்தால், பதிவு ஒழுங்காகச் சேமிக்கப்பட்டதைப் பார்த்தபின் அன்றிரவே பொங்கல் கீயை `Reset` செய்துவிடுங்கள்.